2047 ஆகஸ்ட் 15 என்ன கிழமை? காலண்டர் இல்லாமலே சொல்ல உதவும் 'ஒருங்கிசைவு' கணக்கு

இந்தியா சுதந்திரம் அடைந்த 1947 ஆகஸ்ட் 15 ஒரு வெள்ளிக்கிழமை. அப்படியென்றால், சுதந்திரத்தின் நூறாவது ஆண்டு நிறைவடையும் 2047 ஆகஸ்ட் 15 என்ன கிழமையாக இருக்கும்?

செல்போனைப் பார்த்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ஆனால் பேனாவும் ஒரு துண்டுக் காகிதமும் இருந்தாலே போதும், நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அதற்கு 'ஒருங்கிசைவு' என்ற கணிதக் கருத்து புரிய வேண்டும். பெயர்தான் கொஞ்சம் பயமுறுத்தும். விஷயம் என்னவோ நாம் தினமும் செய்வதுதான்.

ஒருங்கிசைவு என்றால் என்ன?

இன்று வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்வோம். இன்றிலிருந்து 10 நாள் கழித்து என்ன கிழமை? 10-ல் ஒரு முழு வாரம் போக மீதி 3. வெள்ளியிலிருந்து மூன்று நாள் தள்ளினால் திங்கள்.

சரி, 17 நாள் கழித்து? இரண்டு வாரம் போக மீதி 3. அதுவும் திங்கள்தான்.

10-ம் 17-ம் வேறு வேறு எண்கள். ஆனால் கிழமையைப் பொறுத்தவரை இரண்டுக்கும் ஒரே விளைவு. காரணம், 7-ஆல் வகுத்தால் இரண்டுக்கும் ஒரே மீதி. இப்படிப்பட்ட எண்களைத்தான் 'மட்டு 7-ஐப் பொறுத்து ஒருங்கிசைவானவை' என்கிறோம். எழுதும் முறை இது:

10 ≡ 17 (mod 7)

சமக்குறிக்கு இரண்டு கோடு, இதற்கு மூன்று கோடு. இந்தக் குறியை ஜெர்மன் கணித மேதை காஸ் 1801-ல் வெளியான தன் நூலில் அறிமுகப்படுத்தினார்.

ஒவ்வொரு எண்ணையும் தனித்தனியாக வகுத்துப் பார்க்காமலும் சோதிக்கலாம். இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் 7-ஆல் மீதியின்றி வகுபட்டால் அவை ஒருங்கிசைவானவை. 17 − 10 = 7. எனவே சரி.

கூட்டுவது எப்படி?

இந்தியா குடியரசான 1950 ஜனவரி 26 என்ன கிழமை என்று பார்ப்போம். சுதந்திர தினத்திலிருந்து எண்ணத் தொடங்குவோம்.

1947 ஆகஸ்ட் 15 முதல் 1948 ஆகஸ்ட் 15 வரை 366 நாட்கள். 1948 லீப் வருடம் என்பதால் ஒரு நாள் கூடுதல். அங்கிருந்து 1949 ஆகஸ்ட் 15 வரை 365 நாட்கள். பிறகு 1950 ஜனவரி 26 வரை 164 நாட்கள்.

மூன்றையும் கூட்டி 7-ஆல் வகுக்கலாம். ஆனால் அவ்வளவு சிரமம் தேவையில்லை. முதலிலேயே மீதிகளை எடுத்துவிடுவோம். 366 என்பது 52 வாரமும் 2 நாளும். 365 என்பது 52 வாரமும் 1 நாளும். 164 என்பது 23 வாரமும் 3 நாளும்.

366 + 365 + 164 ≡ 2 + 1 + 3 = 6 (mod 7)

வெள்ளியிலிருந்து 6 நாள் தள்ளினால் வியாழன். முதல் குடியரசு தினம் வியாழக்கிழமைதான்.

இது ஏன் சரியாக வருகிறது? முழு வாரங்களை எத்தனை முறை கூட்டினாலும் முழு வாரங்களே கிடைக்கும். அவை கிழமையை மாற்றாது. உதிரி நாட்கள் மட்டுமே மாற்றும். எனவே கூட்டலில் எந்த எண்ணுக்குப் பதிலாகவும் அதன் மீதியை வைக்கலாம்.

பெருக்குவது எப்படி?

இப்போது 2047-க்கு வருவோம். நூறு ஆண்டுகள், ஆண்டுக்கு 365 நாள் என்றால் 100 × 365. இதோடு லீப் நாட்களைச் சேர்க்க வேண்டும். 1948 முதல் 2044 வரை நான்கு ஆண்டுக்கு ஒன்று வீதம் மொத்தம் 25 லீப் வருடங்கள்.

100-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2. 365-க்கு மீதி 1. மீதிகளைப் பெருக்கினால் போதும்:

100 × 365 ≡ 2 × 1 = 2 (mod 7)

காரணத்தைப் பிரித்துப் பார்த்தால் புரிந்துவிடும். 100 என்பது 14 × 7 + 2. 365 என்பது 52 × 7 + 1. இரண்டையும் பெருக்கினால் நான்கு பகுதிகள் கிடைக்கும். அதில் மூன்று பகுதிகளில் 7 ஒட்டிக்கொண்டே இருக்கும். அவை எல்லாம் முழு வாரங்கள். 7 இல்லாத ஒரே பகுதி, மீதிகளின் பெருக்கமான 2 × 1.

இனி லீப் நாட்கள். 25-க்கு மீதி 4. ஆக மொத்தம் 2 + 4 = 6. வெள்ளியிலிருந்து 6 நாள் என்றால் வியாழக்கிழமை. 2047 ஆகஸ்ட் 15-ம் வியாழன்தான்!

முதல் குடியரசு தினத்துக்கும் இதே 6 வந்ததைக் கவனித்தீர்களா? சுதந்திர தினத்திலிருந்து ஒன்று 895 நாள் தள்ளி, மற்றொன்று 36,525 நாள் தள்ளி. ஆனாலும் 895 ≡ 36525 (mod 7). அதனால்தான் ஒரே கிழமை.

மீதிகளைப் பெருக்கும்போது விடை 7-ஐத் தாண்டினால் மறுபடியும் மீதி எடுக்க வேண்டும். உதாரணமாக 12 × 13-ல் மீதிகள் 5-ம் 6-ம். பெருக்கினால் 30, அதற்கு மீதி 2. நேராகச் செய்தாலும் 156-க்கு மீதி 2-தான்.

எங்கே தவறு வரும்?

கூட்டலும் பெருக்கலும் சரி, வகுத்தலும் அப்படியே என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம். 12 மணிக் கடிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 12 மணி நேரம் கழித்தும் 24 மணி நேரம் கழித்தும் முள் ஒரே இடத்தில்தான் நிற்கும். அதாவது 6 × 2 ≡ 6 × 4 (mod 12). இரண்டு பக்கமும் உள்ள 6-ஐ அடித்துவிட்டால் 2-ம் 4-ம் ஒன்று என்றாகிவிடும். அது தவறு. 6-க்கும் 12-க்கும் பொதுவான வகுத்திகள் இருப்பதே சிக்கலுக்குக் காரணம். 1-ஐத் தவிரப் பொது வகுத்தி இல்லாத எண்ணாக இருந்தால் அடிக்கலாம்.

கிழமைக் கணக்கில் இன்னொரு பொறி லீப் வருடம். 2000 லீப் வருடம், ஆனால் 2100 அப்படியில்லை. நூற்றாண்டு ஆண்டுகள் 400-ஆல் வகுபட்டால் மட்டுமே லீப். எனவே 2047-லிருந்து 2147 வரை போனால் லீப் நாட்கள் 24 மட்டுமே. அதை 25 என்று எடுத்தால் கிழமை ஒரு நாள் தள்ளிப்போகும்.

தரவுகளோடு வேலை செய்யும் எனக்கு இந்தக் கணக்கு அடிக்கடி கைகொடுக்கும். பழைய ஆவணத்தில் தேதியும் கிழமையும் சேர்ந்தே இருந்தால், இரண்டும் பொருந்துகிறதா என்று முதலில் பார்ப்பேன். 12 என்பதை யாராவது 21 என்று மாற்றித் தட்டியிருந்தால், வித்தியாசம் 9. அதற்கு மீதி 2 இருப்பதால், கிழமை பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் மங்கிப்போன 18-ஐ 11 என்று படித்திருந்தால்? வித்தியாசம் சரியாக 7. கிழமை அப்படியே பொருந்தும், தவறு வெளியே தெரியாது. மீதி மாறினால் தேதியிலோ கிழமையிலோ தவறு இருப்பது உறுதி. மீதி பொருந்தினால் தேதி சரி என்று அர்த்தமில்லை. அந்த இடத்தில் ஆவணத்தைத்தான் மறுபடியும் பார்க்க வேண்டும்.