ஆண்டிறுதிக் கொள்முதலும் விற்பனையும்: கால எல்லைச் சோதனை

தணிக்கையில் கால எல்லைச் சோதனை என்பது, ஒரு நடவடிக்கை உரிய நிதியாண்டில் பதியப்பட்டுள்ளதா என ஆராய்வதாகும். சரக்கின் மீதான கட்டுப்பாடு கைமாறிய நாளே இதனைத் தீர்மானிக்கிறது. விலைப்பட்டியலின் தேதி அல்ல.

எடுத்துக்காட்டாக, ஒரு வணிக நிறுவனம் மார்ச் 30 அன்று ரூ.4,00,000 மதிப்புள்ள சரக்கைப் பெறுகிறது. மறுநாள் நடைபெறும் இருப்புக் கணக்கெடுப்பில் அச்சரக்கு சேர்க்கப்படுகிறது. விலைப்பட்டியல் ஏப்ரல் 4இல் வருவதால், கொள்முதல் அடுத்த ஆண்டில் பதியப்படுகிறது. விளைவாக, இலாபம் ரூ.4,00,000 மிகைப்படுகிறது, கடனீந்தோர் தொகை அதே அளவு குறைகிறது. சரக்கு கணக்கெடுப்பிலும் விடுபட்டிருப்பின் இலாபம் மாறாது. இருப்பும் கடனும் மட்டுமே குறைத்துக் காட்டப்படும்.

இப்பிழையைக் கொள்முதல் ஏட்டிலிருந்து தொடங்கிக் கண்டறிய இயலாது. விடுபட்ட பதிவு அங்கு இராது. ஆகவே, கணக்கெடுப்பு நாளில் கடைசிச் சரக்குப் பெறுகைச் சீட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதுவரையிலான சீட்டுகளை ஏட்டுடன் ஒப்பிடுதல் வேண்டும்.

விற்பனையில் முன்கூட்டிய பதிவே முதன்மையான ஐயம் ஆதலால், சோதனையின் திசை மாறுகிறது. மார்ச் இறுதி விற்பனைப் பதிவுகளிலிருந்து அனுப்புகைச் சீட்டுகளுக்குச் செல்ல வேண்டும். மார்ச் 31இல் பதியப்பட்ட விற்பனையின் சரக்கு ஏப்ரல் 2இல் அனுப்பப்பட்டு, இருப்பிலும் எண்ணப்பட்டிருந்தால், விற்பனை விலை முழுவதுமே இலாபத்தை மிகைப்படுத்தும்.