டோக்கன் கொடுப்பதற்கு முன்

புரோக்கர் ஷட்டரைத் தூக்கிக் காட்டியதும், டீக்கடை வைக்க வந்தவர் முதலில் பார்ப்பது தெருவைத்தான். பஸ் நிறுத்தம் பக்கத்தில் இருக்கிறதா, எதிரில் ஆபீஸ் உண்டா, பைக் நிறுத்த இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாடகையும் அட்வான்ஸும் பேசுகிறார். பெரும்பாலும் அன்றைக்கே டோக்கன் பணம் கைமாறிவிடுகிறது. கடையின் பின்பக்கத்தையும் அதற்கு மேலே இருக்கும் மாடிகளையும் யாரும் பார்ப்பதில்லை. வாடகைக்கு வந்தவர் பேச்சுக்கு மதிப்பு இருப்பது டோக்கன் கொடுக்கும்வரைதான். அதன்பிறகு எதைக் கேட்டாலும் “அதெல்லாம் நீங்கதான் பார்த்துக்கணும்” என்பதே பதிலாக வரும்.

கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். சென்னையில் நான்கு மாடி அடுக்ககம் ஒன்றின் தரைத்தளத்தில் 200 சதுர அடி. வாடகை 18,000 ரூபாய், பத்து மாத அட்வான்ஸ் 1,80,000. நாள் முழுக்க டீ, வடை, பஜ்ஜி. காலையில் இட்லி, பொங்கல்.

இந்தக் கடைக்கு முதல் சிக்கல் வடைச் சட்டியிலிருந்து வரும். எண்ணெய்ப் புகையில் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்த் துளிகள் கலந்திருக்கும். சுவரில் ஓட்டை போட்டு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினால் அந்தப் புகை நேராக முதல் மாடி ஜன்னலுக்குள் போகும். துணி காயப்போடும் கொடியில் எண்ணெய் வாடை ஏறும். சில வாரங்களில் மாநகராட்சிக்குப் புகார் போய்விடும். அடுப்புக்கு மேலே ஹூட் வைத்து, தகரக் குழாயான டக்ட்டைச் சுவரோடு ஏற்றி, மொட்டை மாடிக்கும் மேலே புகையை விடுவதுதான் சரியான வழி. டக்ட் எவ்வளவு நேராகப் போகிறதோ அவ்வளவு நல்லது. ஒவ்வொரு வளைவிலும் இழுவை குறையும். படுக்கைவாட்டில் ஓடும் பகுதியில் எண்ணெய் படிந்து தங்கும். அந்தப் படிவத்தில் தீப்பொறி பட்டால் டக்ட்டே எரியும். அதனால் கழற்றித் துடைக்க வசதியாக ஆங்காங்கே மூடி வைத்துச் செய்யச் சொல்ல வேண்டும்.

டக்ட் அடிக்கும் செலவு ஒரு பக்கம் இருக்க, அது ஏறும் சுவர் யாருடையது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அடுக்ககத்தில் கடைக்காரருக்கு வாடகைக்கு விடுபவர் தன் கடைக்கு மட்டுமே சொந்தக்காரர். வெளிச்சுவரும் மொட்டை மாடியும் பொதுவாக எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுச் சொத்து. ஆகவே ஓனர் “தாராளமா போட்டுக்கங்க” என்று சொல்வது போதாது. டக்ட் எந்தச் சுவரில் ஏறும், ப்ளோயர் எங்கே உட்காரும் என்று ஒரு தாளில் வரைந்து, அசோசியேஷனின் கையெழுத்தை வாங்க வேண்டும். காலை ஐந்து மணிக்கே ப்ளோயர் ஓடத் தொடங்குமென்றால் அந்தச் சத்தத்தையும் அப்போதே பேசிவிட வேண்டும். இதே இடத்தில் முன்பு ஹோட்டல் நடந்திருந்தால், வெளியே நின்று முதல் மாடிச் சுவரை அண்ணாந்து பார்க்கலாம். ஜன்னலடியில் பழுப்பு எண்ணெய்க் கறை இருந்தால் முந்தையவர் ஏன் காலி செய்தார் என்பது ஓரளவு புரிந்துவிடும். டக்ட்டுக்கு வழியே இல்லையென்றால் அந்தக் கடையில் டீ, பிஸ்கட், வெளியிலிருந்து வரும் வடை மட்டும்தான் நடக்கும். அதற்கு 18,000 கட்டுபடியாகுமா என்று புதிதாகக் கணக்குப் போட வேண்டும்.

அடுத்தது தண்ணீர். நாளுக்கு 500 டீ என்றால் டீக்குள் போகும் தண்ணீர் 50 லிட்டர் அளவுதான். கிளாஸ், தட்டு, அண்டா கழுவவும் தரை துடைக்கவும் கை கழுவவும் அதைப்போலப் பல மடங்கு போகும். குடியிருப்பவர்களின் சம்ப்பிலிருந்தே இதையும் எடுத்தால் முதல் கோடையிலேயே சண்டை வரும். கடைக்குத் தனித் தொட்டியும், அதை நிரப்பும் மோட்டாருக்கு யார் கணக்கில் கரன்ட் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். போர் தண்ணீரைச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டரில் அளந்து பார்க்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை அனுமதி. கடினத் தண்ணீரில் போட்ட டீயில் மேலே ஆடைபோல ஒரு படலம் மிதக்கும், பாய்லருக்குள் சுண்ணாம்பு ஏறும். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். சேம்பர் மூடியைத் திறந்து வைத்து, கடைக்குள் நாலு வாளி தண்ணீரைச் சேர்ந்தாற்போல ஊற்றினால் ஓடுகிறதா, தேங்குகிறதா என்பது அங்கேயே தெரியும்.

கரன்ட் மீட்டர் வீட்டு இணைப்பாக இருந்தால் அப்படியே கடையைத் தொடங்கக் கூடாது. மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆவது பிரிவின்படி, இணைப்பை வேறு உபயோகத்துக்குப் பயன்படுத்தினால் உரிய கட்டணத்தைப்போல இரண்டு மடங்கு விதிப்பார்கள். எப்போது தொடங்கியது என்று கண்டுபிடிக்க முடியாவிட்டால் 12 மாதத்துக்குக் கணக்கிடுவார்கள்.

உரிமங்களுக்கு வாடகைதாரர்தான் விண்ணப்பிக்கிறார். அதற்கான காகிதங்களோ ஓனரிடம் இருக்கின்றன. உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கும் மாநகராட்சித் தொழில் உரிமத்துக்கும் அக்ரிமென்ட்டைக் கேட்பார்கள். அதோடு சொத்து வரி ரசீதும் கட்டட அனுமதி வரைபடமும் கையில் வந்துவிட்டால் பாதி சந்தேகம் தீரும். வரைபடத்தில் அந்த இடம் கார் நிறுத்தம் என்று இருந்தால் விலகிவிடுவது நல்லது. பார்க்கிங்கை மறித்துக் கட்டிய கடைக்கு எப்போது வேண்டுமானாலும் சீல் வைக்கலாம். சொத்து வரி குடியிருப்புக் கணக்கில் இருந்தால், வணிகத்துக்கு மாறும்போது ஏறும் தொகையை யார் கட்டுவது என்று பேச வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கடையைக் குட்வில் கொடுத்து எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பழைய ஆளின் பெயரில் இருக்கும் உரிமம் புதியவருக்குச் செல்லாது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு வாடகை பேசினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். 18,000 என்பது நாளுக்கு 600 ரூபாய். ஒரு டீயில் பால், தூள், சர்க்கரை, கேஸ் போக ஐந்து ரூபாய் நிற்கிறது என்று வைத்தால், வாடகைக்கு மட்டும் 120 டீ விற்க வேண்டும். ஓனர் ஜிஎஸ்டி பதிவு பெற்றவராக இருந்தால் கடை வாடகைக்கு 18 சதவீத வரி சேரும். அப்போது மாதம் 21,240. தினமும் 142 டீ. சாதாரண ஹோட்டல் 5 சதவீத வரியில் நடப்பதால், வாடகைக்குக் கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. எனவே ‘வாடகை 18,000’ என்றால் வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

அதைவிட முக்கியம், வாடகை எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பது. சாவி வாங்கிய நாளிலிருந்து என்றால், டக்ட், டைல்ஸ், வணிக மீட்டர் எல்லாம் முடிய இரண்டு மாதம் ஆகும்போது ஒரு டீகூட விற்காமல் 36,000 போய்விடும். “வணிக மின் இணைப்பு கிடைத்த நாளிலிருந்து, அல்லது சாவி கொடுத்து 60 நாள் கழித்து, எது முந்தியோ அன்றிலிருந்து வாடகை” என்று எழுதினால் இரு தரப்புக்கும் நியாயமாக இருக்கும். காலியாகக் கிடக்கும் கடையின் ஓனர்கள் பலர் இதற்குச் சம்மதிப்பார்கள்.

பதினொரு மாத அக்ரிமென்ட் வழக்கமானதற்குக் காரணம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதுதான். அந்தச் செலவை மிச்சப்படுத்தப் போய், மூன்று நான்கு லட்சம் போட்டு அமைத்த கடைக்குப் பதினொரு மாதப் பாதுகாப்புதான் கிடைக்கிறது. மூன்று ஆண்டுக்குப் பதிவு செய்து, அதுவரை ஓனர் காலி செய்யச் சொல்லக் கூடாது, வாடகைதாரர் மட்டும் இரண்டு மாத முன்னறிவிப்பில் போகலாம் என்று கேட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு 5 சதவீத உயர்வு என்றால் மூன்றாம் ஆண்டில் வாடகை 19,845 ஆகும். அந்தத் தொகையையே அக்ரிமென்ட்டில் எழுதிவிட்டால் பிறகு வாக்குவாதம் இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, நகரங்களில் அக்ரிமென்ட்டை வாடகை அதிகாரியிடமும் பதிய வேண்டும்.

டோக்கன் ரசீதிலேயே ஒரு வரி சேர்க்கலாம்: அசோசியேஷன் சம்மதமோ வணிக மின் இணைப்போ கிடைக்காவிட்டால் டோக்கன் முழுதும் திரும்ப வரும். அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், பெயின்ட் செலவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள், காலி செய்யும்போது ஹூட்டையும் ப்ளோயரையும் கழற்றிச் செல்லலாமா என்பவை அக்ரிமென்ட்டுக்குள் போக வேண்டியவை. சாவி வாங்கும் அன்று மீட்டர் ரீடிங்கையும் சுவர், தரை, குழாய்களையும் போட்டோ எடுத்து, ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தால் அந்தத் தேதி இருவர் போனிலும் இருக்கும்.