சரக்குக்குக் கார்டு: வட்டியில்லா நாட்களும் வட்டியில் விழும் நாளும்

பள்ளிச் சீருடை தைக்கும் தொழிலில் ஏப்ரலும் மேயும்தான் பணம் வெளியே போகும் மாதங்கள். துணி வாங்க வேண்டும், தையல் கூலி கொடுக்க வேண்டும். ஜூனில் பள்ளி திறந்து, பெற்றோர் பணம் கட்டி, பள்ளி நிர்வாகம் பில்லைப் பார்த்து, அதன் பிறகே பணம் வரும். நடுவில் இருக்கும் இந்த ஐம்பது, அறுபது நாட்களை எப்படிக் கடப்பது என்பதுதான் சிறு யூனிட் நடத்துபவர்களின் தலைவலி. அதற்கு இப்போது பலர் பிசினஸ் கிரெடிட் கார்டை எடுக்கிறார்கள். துணிக்கடைக்காரருக்குக் கார்டில் பணம் போய்விடும், வங்கிக்கு நாம் பிறகு கட்டிக்கொள்ளலாம். அதுவரை நம் பணம் நம்மிடமே இருக்கும்.

முறையாகச் செய்தால் இது நல்ல வசதி. முறை தவறினால், வெளியே வாங்கும் கைமாற்றுக் கடனைவிடப் பெரிய வட்டியில் கொண்டுபோய் நிறுத்தும். இரண்டுக்கும் நடுவே இருப்பவை இரண்டு மூன்று தேதிகளும், ஒரே ஒரு பழக்கமும்தான்.

கரூரில் ஒரு சீருடை யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஈரோட்டு ஜவுளி வியாபாரியிடம் 1 லட்சம் ரூபாய்க்குத் துணி எடுக்கிறார்கள். அவர்களுடைய கார்டுக்கு ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி ஸ்டேட்மென்ட் வரும், 25ஆம் தேதி பணம் கட்டக் கடைசி நாள். மே 4 அன்று கார்டைத் தேய்த்தால், அந்தத் தொகை மறுநாளே ஸ்டேட்மென்ட்டில் ஏறிவிடும். மே 25க்குள் கட்டியாக வேண்டும். கிடைத்தது 21 நாள். அதே கார்டை இரண்டே நாள் தள்ளி மே 6 அன்று தேய்த்தால், தொகை ஜூன் 5 ஸ்டேட்மென்ட்டில்தான் வரும். கட்ட வேண்டியது ஜூன் 25. கிடைத்தது 50 நாள். "50 நாள் வரை வட்டியில்லை" என்று விளம்பரம் சொல்வது ஸ்டேட்மென்ட் தேதிக்கு மறுநாள் வாங்குபவருக்கு மட்டுமே பொருந்தும்.

வியாபாரி ஏற்கெனவே 15 நாள் கடன் கொடுப்பவராக இருந்தால், முதலில் அந்த 15 நாளைப் பயன்படுத்திவிட்டு, கடைசி நாளில் கார்டில் கட்டுவது புத்திசாலித்தனம். ஏப்ரல் 21இல் துணி வந்து, மே 6இல் கார்டைத் தேய்த்து, ஜூன் 25இல் வங்கிக்குக் கட்டினால் மொத்தம் 65 நாள். சரக்கு வந்த அன்றே தேய்த்துவிடுபவர், தனக்கு உரிமையாக இருந்த 15 நாளைத் தானே விட்டுக்கொடுக்கிறார்.

வசூல் தேதிக்கு ஏற்பக் கார்டின் தேதியையும் மாற்றிக்கொள்ளலாம். ஸ்டேட்மென்ட் சுழற்சியை ஒரு முறையாவது மாற்றிக்கொள்ளும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு என்பது ரிசர்வ் வங்கி விதி. நம் பார்ட்டிகள் பெரும்பாலும் 15 முதல் 20ஆம் தேதிக்குள் பணம் போடுபவர்கள் என்றால், கடைசி நாள் 25 என்று இருப்பது பொருத்தம். 8ஆம் தேதி என்று இருந்தால் ஒவ்வொரு மாதமும் திண்டாட்டம்தான்.

அடுத்த கேள்வி: இந்த நாட்கள் இலவசமா? கார்டில் பணம் வாங்கும் வியாபாரிக்கு அவருடைய வங்கி ஒரு கட்டணம் பிடித்துக்கொள்ளும். கிரெடிட் கார்டுக்கு இது 2 சதவீதத்தை ஒட்டி இருப்பது வழக்கம். லாபம் மெலிந்த மொத்த வியாபாரத்தில் அதை அவர் நம் தலையில் வைப்பார். இங்கேதான் கணக்குப் போட வேண்டும். வங்கி ஓ.டி.யில் ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக்கு 1 லட்சம் எடுத்தால், 50 நாளுக்கு வட்டி சுமார் 1,644 ரூபாய். கார்டுக்காக வியாபாரி கூடுதலாகக் கேட்பது 2,000 ரூபாய் என்றால், ஓ.டி.யே மலிவு. 1,000 ரூபாய் என்றால் கார்டு மலிவு. 21 நாள்தான் கிடைக்கிறது என்றால் ஓ.டி. வட்டி 690 ரூபாய்தான் ஆகும். அதற்குப் போய் 2,000 ரூபாய் கொடுப்பது நஷ்டம்.

இதைப் பேசித் தீர்க்க இடமுண்டு. கார்டில் வாங்கும் பணம் வியாபாரிக்கு ஓரிரு நாளில் கைக்கு வந்துவிடும். நம் பின்னால் அலைய வேண்டியதில்லை, வாராக்கடன் பயமில்லை. "உடனே பணம் வந்துருதுங்களே, மெஷின் செலவை ஆளுக்குப் பாதி ஏத்துக்கலாங்களா?" என்று கேட்டால் ஒப்புக்கொள்ளும் வியாபாரிகள் இருக்கிறார்கள். ரொக்கத் தள்ளுபடி கொடுக்கும் வழக்கமுள்ள கடையில், அந்தத் தள்ளுபடியை விட்டுக்கொடுத்து மெஷின் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்லலாம். அப்படியானால் நாம் இழந்த தள்ளுபடியே செலவு என்பதை மறக்கக்கூடாது.

வியாபாரியிடம் கார்டு மெஷினோ, பேமென்ட் லிங்க்கோ இல்லாவிட்டால் இடைத்தரகு ஆப்கள் வழியாக அனுப்பலாம் என்ற யோசனை வரும். கார்டை ஏற்காதவர்களுக்கு இடையில் ஒரு நிறுவனம் கார்டில் பணம் வாங்கி வங்கிக் கணக்குக்கு அனுப்பும் முறையை, ஒரு கார்டு நெட்வொர்க் விஷயத்தில், 2024 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி நிறுத்திவைக்கச் சொன்னது. எனவே அந்த வழியை நம்பி வரவு செலவைத் திட்டமிட வேண்டாம். ஏ.டி.எம்.மில் கார்டிலிருந்து ரொக்கம் எடுத்துக் கொடுப்பது அதைவிட மோசம். ரொக்கத்துக்கு வட்டியில்லா நாளே கிடையாது, எடுத்த நாளிலிருந்து வட்டி ஓடும், தனிக் கட்டணமும் உண்டு.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். நம் கரூர் யூனிட் மே 6இல் 1 லட்சத்துக்கு வாங்கியது. இரண்டாம் தவணைத் துணிக்கு ஜூன் 6இல் மறுபடி 1 லட்சம். ஜூன் 25இல் முதல் 1 லட்சத்தைக் கட்ட வேண்டும். ஒரு பள்ளி பணம் போடத் தாமதித்ததால் 90,000 மட்டும் கட்டுகிறார்கள். பாக்கி 10,000தானே, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள்.

அந்த நிமிடத்தில் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன. பாக்கி நின்ற தொகைக்கு வட்டி ஜூன் 25இலிருந்து தொடங்காது. துணி வாங்கிய மே 6இலிருந்தே கணக்கிடப்படும். அதைவிடப் பெரியது இரண்டாவது: பாக்கி இருக்கும்வரை புதிய கொள்முதலுக்கு வட்டியில்லா நாட்கள் ரத்து. ஜூன் 6இல் வாங்கிய 1 லட்சத்துக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஏறும்.

மாதம் மூன்றரை வட்டி, அதாவது ஆண்டுக்கு 42 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால், ஜூலை 5 ஸ்டேட்மென்ட் இப்படி வரும். பாக்கி 10,000க்கு 60 நாள் வட்டி 690 ரூபாய். புதிய 1 லட்சத்துக்கு 29 நாள் வட்டி 3,337 ரூபாய். இரண்டுக்கும் சேர்த்து 18 சதவீத ஜி.எஸ்.டி. 725 ரூபாய். ஆக மொத்தம் 4,752 ரூபாய். இது மென்மையான கணக்கு. முதல் 1 லட்சம் முழுவதற்கும் பணம் கட்டிய நாள்வரை வட்டி போடும் முறையில் பார்த்தால் இதுவே 10,800ஐத் தாண்டும். நம் கார்டு எந்த முறையைப் பின்பற்றுகிறது என்பது, கார்டுடன் கொடுக்கப்பட்ட முக்கிய விதிமுறைகள் தாளில் உதாரணக் கணக்கோடு இருக்கும். முதல் முறை தேய்ப்பதற்கு முன்பே அதைப் படித்துவிட வேண்டும்.

அதே 10,000ஐ யாரிடமாவது மூன்று வட்டிக்கு ஒரு மாதம் வாங்கியிருந்தால் 300 ரூபாயில் முடிந்திருக்கும். ஓ.டி.யில் எடுத்திருந்தால் 100 ரூபாய். அதனால்தான் கார்டில் பத்தாயிரம் குறைகிறது என்றால், வேறு எங்கிருந்தாவது புரட்டி அதை நிரப்பிவிடுவது எப்போதும் லாபம். கையில் இருப்பதைக் கட்டிவிட்டு மீதியைத் தள்ளிவைப்பது பொறுப்பாகத் தோன்றும். இந்தக் கணக்கில் அதுதான் மிகவும் செலவான வழி. ஸ்டேட்மென்ட்டில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அவ்வளவுதான். வட்டி நிற்காது.

பெரும்பாலானவர்கள் இந்த வட்டியில் விழுவது மறதியால் அல்ல. முதல் சுழற்சியில் 50 நாள் கைக்கு வந்த 1 லட்சம், கூடுதல் வருமானம் போலவே தோற்றம் தரும். அதில் ஒரு தையல் மெஷின் வாங்குவார்கள், அல்லது வீட்டுச் செலவுக்கு எடுப்பார்கள். அடுத்த கொள்முதலும் கார்டில் நடப்பதால் குறை தெரியாது. இந்த மாத வசூல், போன மாத கார்டு பில்லுக்குப் போய்க்கொண்டே இருக்கும். வியாபாரம் ஏறும்வரை இது ஓடும். சீருடைத் தொழிலில் ஜூலையில் வியாபாரம் இறங்கும். சீசனில் வாங்கிய பெரிய பில், ஆள் வராத மாதத்தின் சிறிய வசூலின் மேல் வந்து உட்காரும்.

இதைத் தடுக்கும் பழக்கம் ஒன்றே: வசூலானவுடன் துணியின் பங்கைத் தனியே எடுத்துவைப்பது. ஒரு பள்ளி 1 லட்சம் அனுப்பினால், அதில் துணிக்குப் போனது 55,000 என்றால், அந்த 55,000ஐ அன்றே வேறொரு கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். கார்டு பில் அந்தக் கணக்கிலிருந்து மட்டுமே கட்டப்படும். தானியங்கிக் கட்டணம் வைத்திருந்தால், அது குறைந்தபட்சத் தொகைக்கா, முழுத் தொகைக்கா என்று பார்த்து, முழுத் தொகைக்கு மாற்ற வேண்டும். கைமுறையாகக் கட்டுபவர்கள் கடைசி நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்பே அனுப்பிவிடுவது நல்லது. கடைசி நாள் தாண்டி மூன்று நாள்வரை தாமதக் கட்டணம் விதிக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. அது வட்டியைத் தடுக்காது என்பதால் அதை அவகாசமாக எண்ண வேண்டாம்.

வசூல் தேதியே 50 நாளைத் தாண்டுகிறது என்றால் கார்டு அந்த வேலைக்கு ஏற்றதல்ல. பள்ளி 75 நாளில்தான் கட்டும் என்று தெரிந்தால், அந்தத் துணிக்கு வியாபாரியிடம் கடன் நாள் கேட்பதோ, ஓ.டி. எடுப்பதோதான் சரி.

ஏற்கெனவே பாக்கி விழுந்துவிட்டதா? முதலில் அந்தக் கார்டில் புதிய சரக்கு வாங்குவதை நிறுத்துங்கள், தேய்ப்பதெல்லாம் வட்டியோடுதான் ஏறும். அடுத்த கடைசி நாளுக்குக் காத்திருக்காமல் பணம் வர வரக் கட்டுங்கள், வட்டி நாள்கணக்கில் ஓடுகிறது. முழுதும் அடைத்த பிறகும் அடுத்த ஸ்டேட்மென்ட்டில் ஒரு சிறு வட்டி வரும். அது ஸ்டேட்மென்ட் தேதிக்கும் நீங்கள் கட்டிய தேதிக்கும் இடைப்பட்ட நாட்களுக்கானது. அதையும் கட்டி, பாக்கி பூஜ்யம் என்று ஒரு ஸ்டேட்மென்ட்டைப் பார்த்த பிறகே மறுபடி சரக்குக்குத் தேய்க்கலாம்.

உங்கள் நிலையை இன்றே அறிய ஒரு வழி இருக்கிறது. இன்று கார்டில் நிற்கும் மொத்தத் தொகையை ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில், தனியே எடுத்துவைத்த பணம், கையிருப்புச் சரக்கின் விலை, கடைசி நாளுக்குள் நிச்சயமாக வரும் வசூல் மூன்றையும் எழுதுங்கள். சரக்கை விட்டுவிட்டுப் பணமும் வசூலும் மட்டுமே கார்டு தொகைக்கு ஈடாக இருந்தால், கார்டு உங்களுக்கு வேலை செய்கிறது. சரக்கையும் சேர்த்தால்தான் ஈடாகும் என்றால், அடுத்த கொள்முதலைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. மூன்றையும் கூட்டியும் குறைகிறது என்றால், அந்தப் பணம் ஏற்கெனவே வேறெங்கோ செலவாகிவிட்டது. அது எங்கே போனது என்று கண்டுபிடிக்கும்வரை கார்டை மெஷினில் வைக்க வேண்டாம்.