ஒரு நாளைக்கு நாலு ரூபாய்: ஏலக்காய் விளம்பரத்துல விலையை எப்படிச் சொல்றது?

(ஒலிப்பதிவைக் கொஞ்சம் திருத்தி, சுருக்கி எழுத்தாக்கியது.)

இன்னைக்கு எபிசோடுல ஒரே ஒரு பொருளை எடுத்துக்கிட்டு, அதோட விலையை ஒரு விளம்பரத்துல எத்தனை விதமா சொல்லலாம்னு பார்க்கப் போறோம். பொருள் ஏலக்காய். எங்க ஊர் தேவாரம். தேனி மாவட்டத்துல, மலையடிவாரத்துல இருக்கு. மேல போனா ஏலத்தோட்டம், பக்கத்துல போடிநாயக்கனூர்ல ஸ்பைசஸ் போர்டோட ஏல மையம். ஏலத்தையே ஏலம் விடுற ஊர்.

இங்கேர்ந்து பாக்கெட் போட்டு வாட்ஸ்அப்லயும் இன்ஸ்டாகிராம்லயும் விக்கிற சின்ன வியாபாரிகள் இப்ப நிறைய பேர் இருக்காங்க. அப்படி ஒருத்தருக்கு 30 விநாடி விளம்பரம் எழுதணும்னு வெச்சுக்குவோம். 30 விநாடியில நிதானமா சொன்னா 55, 60 சொல்தான் அடங்கும். விலைக்கு ஒரு வரி, மிஞ்சினா ரெண்டு வரி. அந்த ஒரு வரியில என்ன சொல்றது?

கணக்குக்கு இப்படி எடுத்துக்கலாம். 50 கிராம் பாக்கெட், 200 ரூபாய். இதைச் சொல்ல மூணு வழி இருக்கு. ஒரு நாளைக்கு இவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்லலாம். வேற பொருளோட சேர்த்து காம்போவா சொல்லலாம். இல்லேன்னா தள்ளுபடின்னு சொல்லலாம். மூணுலயும் கேக்குறவங்க மனசுல நடக்குறது ஒண்ணுதான்: இந்த விலையை எதோட ஒப்பிட்டுப் பார்க்கிறதுன்னு நாம எடுத்துக் கொடுக்கிறோம். எதோட ஒப்பிட்டா அது உண்மையாவும் இருக்கும், நம்ம பொருளுக்கும் நல்லதுங்கிறதுதான் கேள்வி.

முதல் வழி: ஒரு நாளைக்கு எவ்வளவு?

இதுக்கு முதல்ல தராசு வேணும். 10 கிராம் நிறுத்து, காயை எண்ணுங்க. பெரிய பச்சைக் காய்னா ஒரு காய் கால் கிராமுக்குக் கொஞ்சம் குறைவா வரும். நாம 10 கிராமுக்கு 45 காய்னு வெச்சுக்குவோம். அப்போ 50 கிராம்ல 225 காய். 200 ரூபாயை 225-ஆல வகுத்தா ஒரு காய் 89 காசு.

வீட்டுல நாலு பேருக்கு டீ போட ரெண்டு காய் தட்டிப் போடுறோம். காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. ஒரு நாளைக்கு நாலு காய், அதாவது மூணு ரூபாய் 56 காசு. பாக்கெட் 56 நாள் வரும். ஒரு டீக்குப் பார்த்தா 44 காசுதான்.

இது ஏன் வேலை செய்யுது? 200 ரூபாய்னு சொன்னா, கேக்குறவங்க அதை 200 ரூபாய் பொருள்களோட ஒப்பிடுவாங்க. ஒரு பிரியாணி, ஒரு சினிமா டிக்கெட். "50 கிராமுக்கு இவ்வளவா?"ன்னு தோணும். ஒரு டீக்கு 44 காசுன்னு சொன்னா, கடையில 12, 15 ரூபாய் கொடுத்துக் குடிக்கிற டீ ஞாபகம் வரும். ஜான் கூர்வில்னு ஒரு பேராசிரியர் 1998-ல இதைப் பத்தி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஒரு தொகையை நாள் கணக்குல சொன்னா மனசு தானாவே சின்னச் சின்ன அன்றாடச் செலவுகளைத் தேடிப் போகுதுங்கிறதுதான் அதோட சாரம். அதுக்கு ஒரு எல்லையும் உண்டு. நாள் கணக்குத் தொகையே பெருசா இருந்தா இந்த வழி திரும்பி நம்மையே அடிக்கும். ஒரு லேப்டாப்பை "ஒரு நாளைக்கு 160 ரூபாய்தான்"னு சொல்லிப் பாருங்க. "தினமும் 160 ரூபாயா?"ன்னு பயம்தான் வரும். அந்த மாதிரி பொருளுக்கு மொத்த விலையைச் சொல்லிட்டுப் போறதே மேல்.

அப்போ இந்த வழிக்கு ரெண்டு நிபந்தனை. பொருளை நிஜமாவே தினமும் பயன்படுத்தணும், பிரிச்ச தொகை சில்லறையா இருக்கணும். டீக்கு ஏலக்காய் ரெண்டுலயும் பாஸ். பாயசத்துக்கு மட்டும் வருஷத்துக்கு நாலு தடவை வாங்குற வீட்டுக்கு "ஒரு நாளைக்கு"ன்னு சொன்னா அது பொய்க் கணக்கு.

இன்னொரு விஷயம், இதுதான் முக்கியம். நாள் கணக்கு சொன்னாலும் கையிலிருந்து இன்னைக்குப் போறது 200 ரூபாய்தான். தேவாரத்துல விடியறதுக்கு முன்னாடி ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போற அக்காவுக்கு "ஒரு நாளைக்கு நாலு ரூபாய்கூட இல்ல"ங்கிற வரியால ஒரு பிரயோஜனமும் இல்ல. அவங்களுக்குத் தேவை பத்து ரூபாய் பாக்கெட்.

இதைத் தமிழ்நாட்டுல பிரமாதமா புரிஞ்சுக்கிட்டது ஷாம்பு வியாபாரம். கடலூர்ல சின்னி கிருஷ்ணன் சாஷே பாக்கெட்டுக்கு வழி போட்டார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல 15,000 ரூபாய் முதலீட்டுல தனியா வந்து சிக் ஷாம்பு ஆரம்பிச்சார். பின்னாடி அதை 50 காசு சாஷேயாவே கொண்டுவந்தாங்க. அங்க விளம்பரத்துல சொல்ற விலையும் கடையில கொடுக்கிற காசும் ஒண்ணு. ஒரு குளியலுக்கு இவ்வளவுன்னு பேச்சுல பிரிக்கல, பாக்கெட்டையே பிரிச்சுட்டாங்க. அந்த வித்தியாசத்தை ஸ்கிரிப்ட் எழுதுறவங்க மறக்கக் கூடாது. பாக்கெட்டைப் பிரிக்க முடியலேன்னா, நாள் கணக்கு சொன்ன அதே மூச்சுல மொத்த விலையையும் சொல்லிடணும்.

ரெண்டாவது வழி: காம்போ

மலைச்சரிவுல ஏலக்காய் மட்டுமா விளையுது? மிளகு, கிராம்பு, காபி எல்லாம் இருக்கு. சேர்த்து ஒரு பெட்டி போடலாம். ஏலக்காய் 200, மிளகு 110, கிராம்பு 90, காபித்தூள் 180. தனித்தனியா வாங்கினா 580. பெட்டி விலை 499. மிச்சம் 81 ரூபாய். இதை 14 சதவீதம்னும் சொல்லலாம். ஆனா விலை 100 ரூபாய்க்கு மேல போனா ரூபாய்லயும், 100-க்குக் கீழ இருந்தா சதவீதத்துலயும் சொன்னாத்தான் எண் பெருசாத் தெரியும்னு விளம்பர உலகத்துல ஒரு கைக்கணக்கு உண்டு. இங்க 81 ரூபாய்தான் சரி.

ஆனா வாங்குறவங்க பக்கத்துல இருந்து கணக்குப் போடுங்க. அவங்க வீட்டுல கிராம்பு எப்பவாவது ரெண்டு போடுவாங்க, அவ்வளவுதான். 50 கிராம் கிராம்பு அவங்களுக்கு வேண்டாத சாமான். அதை எடுத்துட்டா மீதி மூணும் 490 ரூபாய். ஆக 490 ரூபாய்ச் சாமானுக்கு 499 கொடுக்கிறாங்க. 81 ரூபாய் மிச்சம்னு சொன்ன இடத்துல ஒன்பது ரூபாய் நட்டம்!

அதனால காம்போ தனக்கே சமைக்கிறவங்களுக்கு அவ்வளவாப் பொருந்தாது. பரிசு கொடுக்கிறவங்களுக்குப் பொருந்தும். தீபாவளிக்கு ஆபீஸ்ல கொடுக்க, கல்யாணத் தாம்பூலப் பையில போட வாங்குறவங்க ஒவ்வொரு கிராமையும் கணக்குப் பார்க்கிறதில்ல. "போடி மலையில இருந்து ஒரு பெட்டி, 499"ங்கிறது அவங்களுக்கு முழுசா ஒரு பொருள். அங்க மிச்சத்தைவிடப் பெட்டிக்குள்ள என்னென்ன இருக்குன்னு சொல்றதுக்குத்தான் நேரம் செலவு பண்ணணும்.

மூணாவது வழி: தள்ளுபடி

"400 ரூபாய் ஏலக்காய் இப்போ 200!" எழுத ரொம்ப ஈஸி. ஆனா ஏலக்காய்க்கு இதுதான் மோசமான வழின்னு நான் நினைக்கிறேன்.

தள்ளுபடி நிக்கணும்னா அடிச்ச விலைன்னு ஒண்ணு நிலையா இருக்கணும். சட்டை, சோப்புக்கு அது இருக்கு. ஏலக்காய் விலையை ஏல மையம் தீர்மானிக்குது, அது ஆடிக்கிட்டே இருக்கும். 2018 வெள்ளம், அடுத்து வறட்சின்னு விளைச்சல் விழுந்தப்போ, 2019 ஆகஸ்ட்ல இடுக்கி புற்றடி ஏலத்துல அதிகபட்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டுச்சு. 2022-ல சராசரி 1,000 ரூபாய்க்கும் கீழ வந்துச்சு. இதுல எதைப் பழைய விலைன்னு காட்டுவீங்க? 2019 விலையை அடிச்சுக் காட்டினா அது கண்கட்டு. தவறா வழிநடத்துற விளம்பரத்துக்கு 2022-ல வந்த மத்திய அரசு வழிகாட்டுதலும் இருக்கு.

இன்னொரு சிக்கல் வாசனை. ஏலக்காய் பழசானா பச்சை வெளுத்து, வைக்கோல் நிறத்துக்குப் போகும், வாசமும் இறங்கும். அதனால பாதி விலைன்னு கேட்டதும் விவரம் தெரிஞ்சவங்க, "போன வருஷத்துச் சரக்கோ?"ன்னுதான் யோசிப்பாங்க. நல்ல சரக்குக்கு நாமே சந்தேகத்தை விலை கொடுத்து வாங்குறோம்.

விலை குறைய நிஜமான காரணம் இருந்தா அந்தக் காரணத்தையே சொல்லுங்க. ஏலக்காயை சைஸ் பார்த்துத் தரம் பிரிப்பாங்க. எட்டு மில்லிமீட்டர் காய்க்கு ஒரு விலை, சின்னக் காய்க்கும் வெடிச்ச காய்க்கும் குறைஞ்ச விலை. "டீக்குத் தட்டித்தானே போடப் போறீங்க? வெடிச்ச காய் போதும், அதான் விலை கம்மி." இதுல அடிச்ச விலையே வேண்டாம்.

சரி, ஸ்கிரிப்ட் என்ன?

வீட்டுல தினமும் ஏலக்காய் டீ குடிக்கிறவங்களுக்குன்னா நான் இப்படி எழுதுவேன்:

"நாலு பேருக்கு டீ. ரெண்டு ஏலக்காய். தட்டிப் போட்டதும் வீடு பூரா வாசம். ஒரு டீக்கு அம்பது காசுகூட ஆகல. போடி மலை ஏலக்காய், 50 கிராம் 200 ரூபாய். தினமும் நாலு காய் போட்டா, 56 நாள் வரும். பாக்கெட்டைப் பிரிங்க, எண்ணிப் பாருங்க."

கடைசி வரி சும்மா இல்ல. ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட்ல ஒரு கிராம் என்ன விலைன்னு அச்சடிக்கணும்கிறது இப்ப விதி. நம்ம பாக்கெட்ல நாலு ரூபாய்னு இருக்கும். யார் வேணா திருப்பிப் பார்த்துக் கணக்குப் போடலாம். அந்தக் கணக்குல ஸ்கிரிப்ட் நிக்கணும்.

இதே வரியை பிரியாணி மாஸ்டர்கிட்டயோ ஸ்வீட் கடைக்காரர்கிட்டயோ சொன்னா சிரிப்பார். அவர் கிலோவுல வாங்குறவர், ஏல விலை அவருக்கு அத்துப்படி. அவர்கிட்ட சைஸ், தரம், கிலோ விலை, அவ்வளவுதான்.

தேர்ந்தெடுத்த வழி தப்பாப் போச்சான்னு எப்படித் தெரியும்? வர்ற மெசேஜைப் படிங்க. "அப்போ மொத்தம் எவ்வளவு?"ன்னு எல்லாரும் கேட்டா, மொத்த விலை ஸ்கிரிப்ட்ல காதுல விழல. "ஏலக்காய் மட்டும் தனியா கிடைக்குமா?"ன்னு கேட்டா, காம்போ தப்பான ஆளுக்குப் போயிருக்கு. ஆஃபர் முடிஞ்ச மறுநாள் ஆர்டர் நின்னு, "அடுத்த ஆஃபர் எப்போ?"ன்னு வந்தா, 200 ரூபாய் பொருளை 100 ரூபாய் பொருளாப் பார்க்க நாமளே பழக்கிவிட்டிருக்கோம். அதை மறுபடி 200-க்கு ஏத்துறது இருக்கே, கொண்டை ஊசி வளைவுல போடிமெட்டு ஏறுறதைவிடக் கஷ்டம்.

அடுத்த எபிசோடுல, 199, 499-ன்னு ஒன்பதுல முடியிற விலைகளைப் பத்திப் பேசுவோம். நீங்க கேட்ட ஒரு விளம்பரத்துல விலையை எப்படிச் சொன்னாங்கன்னு குரல் பதிவா அனுப்புங்க.