சீப்பில் வந்த முடியின் அடியில் என்ன இருக்கிறது?

தி.நகர் பாண்டி பஜாரில் ஏதாவது ஒரு பெரிய கடைக்குள் போய் ஷாம்பு அடுக்கின் முன் நின்று பாருங்கள். கெரட்டின், புரோட்டீன், வெங்காயம், கரிசாலை, செம்பருத்தி என்று புட்டிக்குப் புட்டி பெயர் மாறும். 'முடி உதிர்வைக் குறைக்கும்' என்ற வாக்குறுதி மட்டும் மாறாது. பல புட்டிகளில் அந்த வாக்குறுதியின் ஓரத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அதைத் தேடிப் புட்டியைத் திருப்பினால், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் 'முடி உடைவதால் ஏற்படும் உதிர்வு' என்று அச்சிட்டிருக்கும். பல நேரங்களில் 'கண்டிஷனர் இல்லாத ஷாம்புவோடு ஒப்பிடும்போது' என்றும் சேர்த்திருப்பார்கள். நாம் கேட்க வேண்டிய கேள்விக்கு விடை அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

தலையிலிருந்து முடி இரண்டு விதமாகப் போகிறது. ஒன்று உடைவது, மற்றொன்று உதிர்வது. உடைவது என்றால் முடியின் தண்டு நடுவில் அறுந்து போவது. ஈரத்தலையை அழுத்திச் சீவினாலும், தினமும் ஸ்ட்ரெயிட்னர் வைத்தாலும், அடிக்கடி சாயம் போட்டாலும் அப்படி ஆகும். உதிர்வது வேறு. ஒவ்வொரு முடியும் இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வரை வளர்கிறது. பிறகு ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்வில் இருந்துவிட்டு வேர்க்குழியை விட்டு வெளியே வருகிறது. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருப்பதால், நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை இப்படிக் கழல்வது இயல்புதான்.

இரண்டையும் பிரித்தறியக் கருவி எதுவும் வேண்டாம். சீப்பில் வந்த முடிகளில் ஒரு இருபதை எடுத்துக் கறுப்புத் துணியில் பரப்புங்கள். ஒரு முனையில் கடுகை விடச் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது உதிர்ந்த முடி. இரு முனையிலும் குமிழ் இல்லாமல், நீளமும் குட்டையாக இருந்தால் அது உடைந்த முடி. வெள்ளைக் குமிழைப் பார்த்ததும் 'ஐயோ, வேரோட வருதே' என்று பலர் பதறுகிறார்கள். அது வேரே இல்லை. ஓய்வுக் காலம் முடிந்த முடியின் தடித்த அடிமுனை, அவ்வளவுதான். வேர்க்குழி தலைத்தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. பெரும்பாலும் அதிலிருந்து அடுத்த முடி புறப்பட்டிருக்கும்.

இனி கெரட்டின் விஷயத்துக்கு வருவோம். முடி பெரும்பாலும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. அந்தப் புரதச் சங்கிலிகளைக் கந்தகப் பிணைப்புகள் குறுக்கே இறுக்கிக் கட்டியிருக்கின்றன. அந்தக் கட்டு எவ்வளவு உறுதியானது என்று தோல் பதனிடுபவர்களைக் கேட்டால் தெரியும். அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஆராயும் தொழில் அது. மாட்டுத் தோலிலிருந்து முடியை நீக்க வழக்கமாகச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். சல்பைடு அந்தக் கந்தகப் பிணைப்பை வெட்டிய பிறகுதான் முடி கரைந்து கூழாகிறது. அப்படிப்பட்ட கெரட்டினை ஷாம்புவில் அப்படியே கரைக்க முடியாது. அதனால் கம்பளி, இறகு போன்றவற்றிலிருந்து எடுத்த கெரட்டினை அமிலம், காரம் அல்லது நொதி கொண்டு சிறு துண்டுகளாக வெட்டிச் சேர்க்கிறார்கள்.

இந்தத் துண்டுகள் திரும்பவும் கூடி முடியாக மாறுவதில்லை. வேர்க்குழிக்குள் இறங்கிப் புது முடி செய்வதுமில்லை. வேர்க்குழியில் முடியைச் செய்வது ரத்தத்தின் வழியே உணவு பெறும் உயிருள்ள செல்கள். வெளியே தெரியும் தண்டு உயிரற்றது. கெரட்டின் துண்டுகள் அந்தத் தண்டின் மேல் படிந்து, செதில் பெயர்ந்த இடங்களை ஓரளவு மூடுகின்றன. விரிசல் விட்ட சுவரில் சாந்து பூசுவது போன்ற வேலை இது. கூடவே இருக்கும் சிலிகானும் கண்டிஷனர் பொருட்களும் வழுவழுப்பைத் தருகின்றன. சீப்பு சிக்காமல் இறங்குகிறது, முடி குறைவாக உடைகிறது. நட்சத்திரக் குறி சொல்லும் பலன் உண்மையானதுதான். ஆனால் அடுத்த முறை தலை குளித்ததும் பூச்சில் பெரும்பகுதி கழுவிப் போய்விடும். வெள்ளைக் குமிழோடு வரும் முடிக்கு இதனால் ஒரு பயனும் இல்லை.

மூலிகைக்கும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். மயிலாப்பூர் கச்சேரி சாலையில் டப்பா செட்டி கடை போன்ற நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் சீயக்காயும் பூலாங்கிழங்கும் வாங்குகிறார்கள். சீயக்காயில் உள்ள சப்போனின் நுரைத்து அழுக்கை எடுக்கும். அந்த வகையில் அது நல்ல கழுவு பொருள். கரிசலாங்கண்ணிச் சாற்றைத் தடவிய எலிகளுக்கு முடி விரைவாக வளர்ந்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால் அவற்றில் சாற்றைத் தோலில் தடவி அப்படியே விட்டுவிட்டார்கள். ஷாம்பு தலையில் இருப்பதோ ஓரிரு நிமிடம். முடி வளர்ச்சிக்கு நிரூபிக்கப்பட்ட மினாக்ஸிடில் மருந்தையே தலைத்தோலில் தடவிப் பல மணி நேரம் கழுவாமல் வைக்கச் சொல்கிறார்கள். அதுவும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். நுரையோடு வடிந்து போகும் சாறு அந்த வேலையைச் செய்யும் என்று நம்ப ஆதாரம் போதாது. இங்கிலாந்தில் காஃபீன் கலந்த ஒரு ஷாம்பு 'முடி இழப்பைக் குறைக்க உதவும்' என்று விளம்பரம் செய்தது. ஆதாரம் போதவில்லை என்று அந்நாட்டு விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 2018-இல் அதைத் தடுத்தது.

அப்படியானால், 'இந்த ஷாம்பு போட்டேன், எனக்கு நின்னுடுச்சே' என்று சொல்பவர்கள் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. நாள்காட்டியைப் பார்த்தால் விளங்கும். அடையாறில் ஒருவருக்கு நவம்பர் மழையில் டெங்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். காய்ச்சலின் தாக்கத்தில் நிறைய முடிகள் ஒரே சமயத்தில் வளர்ச்சியை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடும். உடனே அவை விழுவதில்லை. காய்ச்சலையே மறந்துவிட்ட ஜனவரியில், பிப்ரவரியில்தான் கொத்துக்கொத்தாக வரும். பயந்துபோய் மார்ச்சில் அவர் புது ஷாம்பு வாங்குவார். இந்த வகை உதிர்வு பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கிவிடும். மே மாதம் அது அடங்கும்போது பெயர் ஷாம்புவுக்குப் போய்விடும். பிரசவத்துக்குப் பிறகு கொட்டும் முடிக்கும், திடீரென உணவைக் குறைத்து எடையைக் குறைத்தவர்களின் முடிக்கும் இதே கதைதான்.

இன்னொரு கணக்கும் ஏமாற்றும். தினம் 60 முடி கழலும் ஒருவருக்கு, பாதி சீப்பில் வந்துவிட, மீதி 30 தலையிலேயே சிக்கி நிற்பதாகக் கொள்வோம். வெள்ளிக்கிழமை மட்டும் தலைக்குக் குளித்தால் ஏழு நாள் சேர்ந்து 210 முடி ஒரே நாளில் வரும். புது ஷாம்பு வந்த உற்சாகத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிக்கத் தொடங்கினால் ஒவ்வொரு தடவையும் 60 தான் வரும். கழன்ற முடியின் கணக்கு மாறவில்லை, எண்ணிய நாள்தான் மாறியது. பயந்து குளியலைத் தள்ளிப் போடுபவர்களும் இதே கணக்கில்தான் அகப்படுகிறார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பொடுகும் அரிப்பும் சேர்ந்து தலைத்தோல் புண்பட்டிருந்தால், மருத்துவர் எழுதித் தரும் கீட்டோகோனசோல் ஷாம்பு தலைத்தோலின் அழற்சியைத் தணிக்கும். நுரையைச் சில நிமிடம் ஊறவைத்துக் கழுவ வேண்டும். அது மருந்து, அழகுப் பொருள் அல்ல.

கறுப்புத் துணியில் பரப்பிய முடிகளில் குமிழில்லாத துண்டுகள் அதிகம் இருந்தால் கெரட்டினோ, சாதாரணக் கண்டிஷனரோ வாங்குங்கள், பயன் தெரியும். குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் தடவுவதும் நல்லது. அது தண்டுக்குள் இறங்கி, கழுவும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குமிழ் உள்ளவையே அதிகம் என்றால், மூன்று மாதத்துக்கு முன் உடம்புக்கு என்ன நடந்தது என்று யோசியுங்கள். ஆறு மாதமாகியும் நிற்கவில்லையா, வகிடு அகலமாகிக்கொண்டே போகிறதா, வட்டமாகச் சொட்டை விழுகிறதா? தோல் மருத்துவரைப் பாருங்கள். இரும்புச் சத்துக்கும் தைராய்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார். அங்கே தெரியவரும் காரணத்தை எந்தப் புட்டியும் கழுவி எடுக்காது.