நாலு பக்கம், ஐந்து தலைப்பு

என் பெண் உணவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வேலைக்கு மனுப் போடுகிறாள். படிக்கும்போது செய்த ப்ராஜெக்ட்டுகளைத் தொகுத்து ‘போர்ட்ஃபோலியோ’ என்று அனுப்ப வேண்டுமாம். ஈர நெல்லை உலர்த்துவது பற்றி நாலு பக்கம் எழுதி என்னிடம் நீட்டினாள். கல்லணையில் ஆரம்பித்து, நெல் வந்து சேர மூன்றாம் பக்கம் ஆகிவிட்டது! எங்கு பார்த்தாலும் ‘நாங்கள் செய்தோம்’. “இதிலே நீ என்னடி செய்தே?” என்றேன். விழித்தாள்.

அவளுடைய ஆசிரியை சொன்னபடி பிரச்னை, என் பங்கு, செய்முறை, பலன், கற்றது என்று ஐந்து தலைப்பு போட்டு, இருவருமாக உட்கார்ந்து பிரித்தோம்.

பிரச்னை மூன்றே வரிதான். குறுவை அறுவடை மழையில் மாட்டிக்கொள்கிறது. நேரடி கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். (மழை அதிகமான சில வருஷங்களில் அரசு தளர்த்துவதுண்டு.) அதற்கு மேலிருந்தால் விவசாயி நெல்லோடு காத்துக் கிடக்கிறார். கல்லணை போயே போய்விட்டது.

‘என் பங்கு’ எழுதத்தான் கூச்சப்பட்டாள். “மற்ற மூணு பேரும் கோச்சுப்பாங்கம்மா.” அவர்கள் செய்ததையும் எழுது, உன்னுடையதைத் தனியாகச் சொல் என்றேன். ‘நாலு பேர் குழு. விவசாயிகளிடம் விசாரித்தது இருவர், கணக்கு ஒருவர், மணிக்கொரு தரம் ஈரம் அளந்தது நான்’ என்று வந்தது. யாருக்கும் மனத்தாங்கல் வராது.

செய்முறையில் கருவிகளின் பெயர்களை அடுக்கியிருந்தாள். அதை விட்டு, எதை ஏன் செய்தோம் என்று மாற்றினோம். ஒரே களத்து நெல்லை இரண்டு தார்ப்பாயில், ஒன்றில் ஓரங்குல கனம், மற்றதில் மூன்றங்குல கனம் பரப்பினார்கள். இடம் குறைவானவர்கள் கனமாகப் பரப்புவதால் இந்த ஒப்பீடு.

பலனில் ‘நல்ல வெற்றி’ என்றிருந்தது. “எவ்வளவு?” என்று கேட்டதும் நோட்டைப் புரட்டினாள். காலை 9 மணிக்கு 22 சதவீதம். பகல் 2 மணிக்கு மெல்லிய பரப்பு 17-க்கு இறங்கியது. கனமான பரப்பு மேலே 17, அடியில் 20! முதலில் மேல் நெல்லை மட்டும் அளந்துவிட்டு இரண்டும் காய்ந்ததாக எழுதிவிட்டாளாம். அதைச் சொல்ல வெட்கம்.

அதுதானே ‘கற்றது’! அங்கே அவள் எழுதியிருந்த ‘ஒற்றுமையின் அருமை’ எந்த ப்ராஜெக்ட்டுக்கும் பொருந்தும். அடித்துவிட்டு, ‘மேலே மட்டும் அளந்து ஏமாந்தேன், இனி மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்து, சூடு ஆறிய பிறகே அளப்பேன். சோதனை ஒரே நாள், ஒரே ரக நெல்லில் நடந்தது. மூடாக்கு நாளில் எப்படி என்று பார்க்கவில்லை’ என்று எழுதினாள்.

நாலு பக்கம் ஒன்றரைப் பக்கமாயிற்று. தலைப்புகளை மட்டும் வைத்துவிட்டு, பழைய வரிகளை அப்படியே கீழே அடுக்கியிருந்தால் பிரயோஜனமில்லை. ஒவ்வொரு வரியையும் ‘இது எந்தத் தலைப்புக்குப் பதில்?’ என்று கேட்டோம். எதற்கும் பதிலாகாத வரிகளைக் களத்துப் பதர் போலத் தூற்றிவிட்டோம்.