கடலோரத்திலேயே கழலையா? உப்புக்குள் ஒளிந்திருக்கும் சங்கதி தெரியுமா?

நாலு பக்கமும் கடல் சூழ்ந்த இலங்கை, 2025-இல் இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்தது தெரியுமா? காலந்தப்பிய மழையில் உப்பளங்களின் விளைச்சல் படுத்துவிட்டது. கொள்கலன் லொறிகளுக்கு நடுவே வாழும் ஒருகொடவத்தைக்காரருக்கு இறக்குமதி ஒன்றும் புதினமல்ல. ஆனால் உப்புக்கூடவா வெளிநாட்டிலிருந்து வரவேண்டும் என்று அவர்களே வாயைப் பிளந்தார்கள்!

அதைவிடப் பெரிய புதினம் ஒன்று இருக்கிறது. கடலை முட்டிக்கொண்டு கிடக்கும் கொழும்பு மாவட்டம், ஒரு காலத்தில் கழுத்துக் கழலை அதிகமாகக் காணப்பட்ட பிரதேசத்துக்குள் அடங்கியிருந்தது! தென்மேற்கில் கொட்டித் தீர்க்கும் மழை மண்ணிலுள்ள அயடீனைக் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. மண்ணில் இல்லாதது கீரையிலும் இல்லை, கிணற்றுத் தண்ணீரிலும் இல்லை. 1980-களின் பிற்பகுதியில் பல மாவட்டங்களில் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பிள்ளைக்குக் கழலை இருந்தது.

"கடல் உப்பைத்தானே தின்கிறோம், அதில் அயடீன் இருக்காதா?" என்று கேட்பீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், தலை சுற்றும்! ஒரு லீற்றர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு. அயடீனோ சுமார் 60 மைக்ரோகிராம். ஒருவர் ஒரு நாளைக்குத் தின்னலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் எல்லை 5 கிராம் உப்பு. அயடீன் ஒரு துளிகூட வீணாகாமல் அதில் ஒட்டிக்கொண்டாலும் 9 மைக்ரோகிராம்கூடத் தேறாது. பெரியவர் ஒருவருக்கு வேண்டியது 150! உண்மையில் அந்த ஒன்பதும் மிஞ்சுவதில்லை. உப்பு படிந்த பிறகு வடித்துவிடும் கசப்பு நீரோடு பெரும்பங்கு போய்விடுகிறது.

அதனால்தான் 1995-இல் இலங்கையில் மனிதர் உண்ணும் உப்புக்கு அயடீன் சேர்ப்பது சட்டமானது. கிலோவுக்கு 15 முதல் 30 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், அதே 5 கிராமில் 75 முதல் 150 மைக்ரோகிராம் கிடைக்கும். சமையலில் கொஞ்சம் போனாலும் மீன், பால், முட்டை மிச்சத்தை ஈடுகட்டும். ஒரு எச்சரிக்கை: கட்டியுப்பில் அயடீன் கரைசல் மேற்பரப்பில்தான் ஒட்டியிருக்கும். அழுக்குப் போகட்டும் என்று உப்பைக் கழுவுகிற அம்மம்மாமார் அயடீனையும் சேர்த்தே கழுவி ஊற்றுகிறார்கள்! திறந்த சட்டியில் வைத்து ஈரம் ஊறவிட்டாலும் இதே கதிதான்.

அப்படியானால் இளஞ்சிவப்பாக மினுங்கும் இந்துப்பு? பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்தில் 50 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழங்கடல் காய்ந்து கல்லானது அது. கேட்கவே புல்லரிக்கிறது! அந்தச் சிவப்பு இரும்பின் சாயம். ஆனால் 97, 98 சதவீதம் அதே சோடியம் குளோரைட்டு. நாளொன்றுக்குத் தின்னும் 5 கிராமில் "தாதுக்கள்" என்று கொண்டாடப்படுவதெல்லாம் ஒரு சிட்டிகைக்கும் குறைவு. அயடீன் சேர்க்கப்பட்டது என்று பைக்கற்றில் இல்லாவிட்டால், கூடக் காசு கொடுத்துக் குறைவாக வாங்குகிறோம். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் இது சிரிப்புக்குரிய விஷயமல்ல. வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்கு அயடீன் வேண்டும், தாய்க்குத் தேவை 250 மைக்ரோகிராம்.

கட்டியுப்பு உடம்புக்கு இதம் என்கிறார்களே? ஒரு தேக்கரண்டித் தூளுப்பு சுமார் 6 கிராம் இருக்கும். கட்டியுப்பில் இடைவெளி அதிகம் என்பதால் அதே கரண்டி குறைவாகவே நிறுக்கும். தராசில் சமமாக வைத்தால் சோடியமும் கிட்டத்தட்டச் சமம்தான்!

உண்மையிலேயே வேறுபட்டது ஒன்றே ஒன்று: சோடியம் குறைத்த உப்பு. அதில் கால்வாசியோ அதற்கு மேலோ பொற்றாசியம் குளோரைட்டு. சீனாவில் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரை ஐந்து ஆண்டளவு பின்தொடர்ந்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். பக்கவாதம் ஏற்கெனவே வந்தவர்கள், அல்லது 60 வயது கடந்த உயர் இரத்த அழுத்தக்காரர்கள். இந்த உப்புக்கு மாறியவர்களிடையே பக்கவாதம் 14 சதவீதம் குறைவு! உப்பை மாற்றியதற்கே இவ்வளவா என்று எனக்கும் பிரமிப்புத்தான். ஆனால் அது வீட்டுக் குழம்பில் போடும் உப்புக்குத்தான் பொருந்தும். பாண், கருவாடு, கடைக் கொத்து எல்லாம் பழைய உப்பையே சுமந்து வரும்.

இதே பொற்றாசியம் சிலருக்கு நஞ்சாகும். பழுதுபட்ட சிறுநீரகம் அதை வெளியேற்றத் திணறும். இரத்தத்தில் அது ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல்கூட. அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் சிறுநீரக நோயாளிகள் நிறைந்திருக்கும் நாட்டில், ஊர்ச் சொந்தக்காரருக்கு இதை "நல்ல உப்பு" என்று வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்கக்கூடாது. லொசாட்டன், எனலப்ரில், ஸ்பைரோனொலக்டோன் குளிசை போடுகிறவர்களும், இரத்தப் பொற்றாசியத்தையும் கிரியற்றினினையும் சோதித்து வைத்தியரிடம் கேட்ட பிறகே பைக்கற்றைப் பிரிக்கலாம். பிரிக்கும்போது ஒன்று பாருங்கள்: சோடியம் குறைத்த உப்பு எல்லாவற்றிலும் அயடீன் இருப்பதில்லை!